இருபது நிமிடப் பொடி

அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் அவள் பெரியவள். கொழுந்தனின் மனைவி சின்னவள். பெரியவள் குடும்பம் கீழே, சின்னவள் குடும்பம் மாடியில். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும்தான் என்று உலகம் சொல்லி வைத்திருக்கிறது. இவர்கள் இருவரும் பதினெட்டு வருடம் அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் காட்டினார்கள். அதற்கு முக்கியக் காரணம் நரைமுடி.

பெரியவளுக்குப் பிழைப்பு தையல். ஆயத்த ஆடைக் கடையில், உடுத்திப் பார்க்கும் அறைக்குப் பின்னால் ஒரு மேஜை. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது என்று நாள் போய்விடும். ஆனால் தெருவில் அவளுக்கு இருந்த பெயர் வேறு: பொடி டாக்டர். அதை வைத்தது சின்னவள்தான். காரணம் இல்லாமலும் வைக்கவில்லை.

மருதாணிப் பாக்கெட்டையோ அவுரிப் பாக்கெட்டையோ எடுத்தால் பெரியவள் முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "முன்பக்கம் அவங்க சொல்ல ஆசைப்படறது. பின்பக்கம்தான் சொல்லியே ஆகவேண்டியது" என்பாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தில் ஓடும் வரியை விரல் வைத்துப் படிப்பாள். மருதாணியில் லாசோனியா இனெர்மிஸ், அவுரியில் இண்டிகோஃபெரா டிங்க்டோரியா. இரண்டு இலை, இரண்டு தாவரப் பெயர். மூன்றாவதாக ஏதாவது எட்டிப் பார்த்தால் பாக்கெட் அலமாரிக்கே திரும்பிவிடும். பெட்டிச் சாயங்களில் கலக்கிற, சிலர் தோலுக்கு ஆகவே ஆகாத பி.பி.டி. என்ற ரசாயனச் சரக்கின் முழுநீளப் பெயரையும் அவள் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்திருந்தாள். கடைக்காரர் அவளைக் கண்டாலே, "வந்துட்டாங்கப்பா சோதனை அதிகாரி" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்.

சின்னவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். முப்பத்து நான்கு வயதிலேயே முன்நெற்றியில் நரை இறங்கிவிட்டது. பெட்டிச் சாயம் வாங்கிப் பூசினாள். நான்காவது தடவை தலை முழுக்க அரிப்பு. அழுதுகொண்டு கீழே வந்தவளைப் பெரியவள்தான் உட்கார வைத்து, "இனிமே உன் தலை என் பொறுப்பு" என்றாள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

சனிக்கிழமை சாயங்காலமே மருதாணித் தூளை ஆறிய தேயிலைச் சாற்றிலும் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றிலும் குழைத்து மூடி வைத்துவிடுவாள். காலையில் மேல்பரப்பு பழுப்பேறி இருந்தால் சாயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவுரிக்கு அந்தப் பொறுமை ஆகாது. பூசுவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பச்சைக் கூழின் மேல் கருநீலம் மினுங்கியதும் மருதாணியோடு சேர்த்துவிட வேண்டும். மருதாணி ஒரு பங்கு, அவுரி இரண்டு பங்கு. அதுதான் அடர் பழுப்பு. அவுரி குறைந்தால் செம்பட்டை. மூன்று மணி நேரம் ஊறல், வெறும் தண்ணீரில் அலசல், இரண்டு நாளைக்கு ஷாம்பு கூடாது. முதல் நாள் முடி கொஞ்சம் பச்சையடித்தாலும் பயப்படக் கூடாது. மூன்றாம் நாள் நிறம் தானாக அடங்கி நிற்கும்.

புதிய பாக்கெட் என்றால் இன்னும் கெடுபிடி. துளியூண்டு குழைத்துக் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்ப்பாள். சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்து வைத்து அதில் பூசி நிறம் பார்ப்பாள். "பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கக்கா" என்று சின்னவள் சிரிப்பாள். தலையில் பூச்சும் அதன் மேல் பிளாஸ்டிக் உறையுமாக இருவரும் பின்கட்டில் உட்கார்ந்து பேசாத பேச்சில்லை. மாமியார் முதல் மேலதிகாரி வரை எல்லாரும் அந்த மூன்று மணி நேரத்தில் அலசப்படுவார்கள்.

"நீயும் ஒரு தடவை படிச்சுப் பாரேன்" என்று பாக்கெட்டை நீட்டினால் சின்னவள் கையால் தள்ளிவிடுவாள். "எதுக்கு? நீங்க படிச்சாச்சுன்னா நான் படிச்ச மாதிரிதான்."

பழைய பல் மருத்துவர் தொழிலை விட்டார். சின்னவளுக்கு வேறொரு பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் நாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரியவள் வழக்கம்போல் மருதாணியைத் திறந்து வைத்துவிட்டு அவுரி டப்பாவை எடுத்தாள். மழைக்காலத்தில் மூடி சரியாக உட்காராமல் இருந்திருக்கிறது. தூளில் பச்சையே இல்லை. பச்சைப் பட்டாணி மாதிரி வருமே ஒரு வாசனை, அதுவும் இல்லை. குழைத்துப் பார்த்தாள். அரைமணி ஆகியும் நீலம் மினுங்கவில்லை. சாரம் போன தூள்.

அப்போது செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியாததில்லை. தலையை விட்டுவிட்டு இன்னொரு ஞாயிறு பார்த்திருக்கலாம். மருதாணி மட்டும் போட்டு, அடுத்த வாரம் அதன்மேல் அவுரி பூசியிருக்கலாம். ஒரு வாரம் தலை செம்பட்டையாக இருந்தால் வானம் இடிந்து விழாது. ஆனால் பொடி டாக்டர் கைவைத்த தலை, புது வேலைக்கு முதல் நாள், ஆரஞ்சு நிறத்தில் போவதா? அந்த வீம்பு அவளைத் தெருமுனைக் கடைக்கு விரட்டியது.

வழக்கமான சரக்கு இல்லை. வேறொரு பாக்கெட். முன்பக்கத்தில் இலைப் படம், 'அவுரி மூலிகை, இருபது நிமிடத்தில் அடர் நிறம்'. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். இருபது நிமிடம் என்பது உறுத்தத்தான் செய்தது. இலை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது தூள் பச்சையாக இல்லை, கருஞ்சாம்பல். வாசனையும் இலை வாசனை இல்லை. கண்ணாடி எட்டடி தூரத்தில் தையல் இயந்திரத்தின் மேல் இருந்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் படிக்க வேண்டியிருக்கும்.

"காதுக்குப் பின்னாடி வைக்கலியாக்கா?" என்று சின்னவள்தான் கேட்டாள்.

"பதினெட்டு வருஷமா பூசற இலைதானே. உன் தோலுக்குத் தெரியாதா?"

சின்னவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை முடி கன்னங்கரேலென்று பளபளத்தது. மாலையில் நெற்றியோரம் அரித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மாடிப்படியைத் தடவித் தடவி இறங்கி வந்தாள். இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. காதுமடலில் நீர் கோத்திருந்தது.

அவளை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் பெரியவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். ஒட்டியிருந்த மடிப்பின் அடியில், கடைசி வரியில், அந்த முழுநீளப் பெயர் இருந்தது.

டாக்டர், "என்ன பூசினீங்க? பாக்கெட் இருந்தா கொண்டு வாங்க" என்றார்.

"மருதாணியும் அவுரியும்தான் டாக்டர். வெறும் இலை" என்றாள் பெரியவள். "பாக்கெட்டைத் தூக்கிப் போட்டாச்சு."

பாக்கெட் மருதாணி டப்பாவுக்குப் பின்னால் நான்காக மடிந்து கிடந்தது. வீக்கம் வடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வடிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் புது இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது போய் எப்படிச் சொல்வது? சின்னவளோ, "உங்க மேல என்னக்கா தப்பு. என் உடம்புக்கு இலை ஒத்துக்காம போச்சு" என்று இவளுக்கே ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை அவள் வாங்கிக்கொண்டாள். பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் பூசியதைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

ஐந்து மாதம் போயிற்று. சின்னவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நேர்காணல். பாதி நரைத்த தலையோடு போக மனமில்லை. கீழே வந்து சொல்லாமல் நேராக அழகு நிலையத்துக்குப் போய்ப் பெட்டிச் சாயம் பூசிக்கொண்டாள். அவள் கணக்கு நியாயமான கணக்கு: பெட்டிச் சாயம் அன்றைக்கு வெறும் அரிப்போடு நின்றது, இலைதான் முகத்தையே வீங்க வைத்தது. அப்படியென்றால் எது தேவலை?

இந்தத் தடவை வீக்கம் கண்ணோடு நிற்கவில்லை. தொண்டைக்கு இறங்கியது. கொழுந்தன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பெரியவள் டப்பாவைத் தள்ளி, மடித்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மருத்துவமனையில் அதை டாக்டர் கையில் கொடுத்து, முதல் தடவை பூசியது இதுதான் என்றாள். யாரும் கடிந்து பேசவில்லை. டாக்டர் படித்துவிட்டு, "இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இவங்க வாழ்க்கைல சாயக்கடை பக்கமே போயிருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் சின்னவளுக்குப் பேச வந்தது. பெரியவள் கட்டிலருகே நின்று, ஒன்றையும் மறைக்காமல், கண்ணாடி எட்டடியில் இருந்தது வரை சொன்னாள்.

"ஆட்டோல என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சண்டை போடவில்லை, அதுதான் கொடுமை. மாடியிலிருந்து பண்டம் வரும், கீழேயிருந்து பாத்திரம் போகும். மாமனாருக்கு உடம்பு முடியாதபோது இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சின்னவள் இறங்கி வரவில்லை. வெறும் மருதாணி, அவுரி அவளுக்கு ஆகலாம், சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று தோல் டாக்டர் சொல்லியும் அவள் வேண்டாமென்றுவிட்டாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. பெரியவள் சனிக்கிழமை சாயங்காலம் கை மறதியாக இரண்டு தலைக்குக் குழைத்துவிட்டு, பாதியை ஒவ்வொரு தடவையும் கொட்டினாள்.

போன வாரம் அவள் மருந்துக் கடைக்குப் போனாள். உள்ளே, விளக்குக்கு நேர் கீழே, ஒரு வெள்ளைத் தலை குனிந்திருந்தது. சின்னவள் கையில் ஒரு முகப் பூச்சு டப்பா. இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. பின்பக்கத்து வரியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஒரு பெயரில் விரல் மாட்டிக்கொண்டு நின்றது.

பெரியவள் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு. குடு, நான் படிச்சுச் சொல்றேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. டப்பாவைத் தன் பக்கமாக, மெதுவாகத்தான், நகர்த்திக்கொண்டாள்.

"பரவாயில்லைக்கா. நானே படிச்சுக்கறேன்."

மறுபடி குனிந்து, விட்ட இடத்தில் விரலை வைத்தாள்.