செம்மணலுக்கும் பாறைக்கும் ஒரே தூண்

மச்சான் இனி கல்ஃபுக்குப் போகமாட்டார் என்று முடிவானபோது என் லாத்தா புதுப் பாய் வாங்கினாள். லாத்தா என் மூத்த அக்காள். கல்யாணமானதிலிருந்து மச்சானோடு அவள் வாழ்ந்ததெல்லாம் விடுமுறைகளில்தான். அவர் ஊரோடு தங்க ஒரே வழி, வள்ளியூரிலிருந்து உவரி போகும் பக்கம் கிடந்த நிலம். அங்கே முருங்கை போட்டு, சோலார் வைத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டுவது என்று திட்டம். சோலார் நின்றால் அவரும் நிற்பார்.

நான் சிவில் படித்தவள். திருநெல்வேலியில் ஒரு காண்ட்ராக்டரிடம், தரையில் வைக்கும் சோலாருக்கு அஸ்திவாரம் போடுவதுதான் என் வேலை. ஊரான் நிலத்துக்கெல்லாம் என் பேச்சு செல்லுபடியாகும். சொந்த வீட்டில் மட்டும் நான் சின்னப் பிள்ளை.

நிலத்தில் இரண்டு குழி வெட்டிப் பார்த்தேன். மேற்குப் பாதியில் முழங்கால் ஆழத்திலேயே பாறை. கிழக்குப் பாதி முழுக்கத் தேரிமணல். சிவந்து, பொலபொலவென்று, வெட்ட வெட்டக் குழி சரிந்து மூடியது. ஒரே நிலம், இரண்டு குணம். மேற்கே பாறையைத் துளைத்து, துளைக்குள் தூணை இறக்கி, சிமெண்ட் கரைசல் ஊற்ற வேண்டும். கிழக்கே முனையில் அகலத் தட்டு வைத்த ஸ்க்ரூ பைல் என்கிற திருகுத் தூணை இறக்கலாம். தட்டுக்கு மேலே இருக்கும் மணல்தான் அதைக் கிளம்பவிடாமல் அமுக்கிப் பிடிக்கும். இது எதுவும் வேண்டாம் என்றால் கனமான கான்கிரீட் கட்டை போடலாம். அது தன் எடையால் நிற்கும். குழி சரியாமல் பலகை அடைக்க வேண்டும், தண்ணீர் விட்டு ஆறவிட வேண்டும், நாளாகும். அவ்வளவுதான்.

மச்சான் சிரித்தார். "ஏளா, பாலைவனத்துல கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு நான் தூண் அடிச்சிருக்கேன். மெஷினை வச்சு அடிச்சா காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் முடிஞ்சிரும். நீ என்னமோ மண்ணுக்கு ஜாதகம் பாக்குத."

அங்கே மண்ணைப் பரிசோதித்துத் தூணின் நீளத்தை வேறு யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். இவர் அடித்தார். அடித்தவருக்கு அடி மட்டும்தான் ஞாபகம்.

மெஷின் வந்தது. மணலில் தூண்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின. அவருக்கு ஒரே சந்தோஷம். அவ்வளவு லேசாக இறங்குவது அவ்வளவு லேசாக ஏறியும் வரும். ஒரு தூணில் சங்கிலி கட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கிக் காட்டினேன். பைய மேலே வந்தது.

"காத்து என்ன, ஜாக்கியா கொண்டு வருது?" என்றார் மச்சான்.

"ஆமா மச்சான். சோலார் தகட்டுக்கு அடியில பூந்து தூக்கும். ஆடி மாசம் பாருங்க."

மேற்கே இன்னும் மோசம். பாறையில் மோதித் தூண்கள் நின்றுவிட்டன. மேலும் அடித்தால் முனை மடங்கியது. நிறுத்தியிருக்க வேண்டும். மச்சான் கட்டர் எடுத்து, மண்ணுக்குள் போகாமல் வெளியே நின்ற நீளத்தையெல்லாம் ஒரே மட்டத்துக்கு அறுத்துத் தள்ளினார். தலைகள் நூல் பிடித்ததுபோல் நின்றன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலையைப் பார்த்துப் பாராட்டினார்கள். மண்ணுக்குள் முழங்கால் ஆழமே போயிருந்த காலை யார் பார்த்தார்கள்?

லாத்தாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "லாத்தா, இது நிக்காது. நீயாவது சொல்லு."

"இத்தனை வருசம் கழிச்சு மனுசன் வீட்டோட இருக்காவ. அவியள நாலு பேருக்கு முன்னால மட்டம் தட்டச் சொல்லுதியா?" என்றாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

தகடுகள் ஏறின, மோட்டார் ஓடியது, முருங்கை பூத்தது. மச்சான் வீட்டுக்குள் நடமாடினார், குழம்பில் குறை சொன்னார். லாத்தா அதைக்கூட ரசித்தாள். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல், அவள் முகத்தைப் பார்த்தால் தணிந்துவிடும்.

ஆடியில் மேற்கேயிருந்து காற்று இறங்கியது. முதலில் பாறை வரிசை, அறுத்த தூண்களோடு வேர் பிடிக்காத செடிபோல் மல்லாந்தது. அது விழுந்த வேகத்தில் அடுத்த வரிசையையும் சேர்த்துச் சாய்த்தது. மணலில் நின்றவை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. தகடுகள் நொறுங்கிக் கிடந்தன. மச்சான் நடுவில் நின்று வந்தவர்களிடமெல்லாம், "இப்படி ஒரு காத்தைக் கண்டதே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அடிக்கிற காற்று அது.

மோட்டார் ஓடவில்லை. பிஞ்சுகள் உதிர்ந்தன. மச்சான் பழைய முதலாளிக்குப் போன் செய்தார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவர் உள்ளே போன பிறகு, கண்ணாடிக் கதவைப் பார்த்தபடியே லாத்தா வெகுநேரம் நின்றாள். நான் தோளில் கை வைத்தேன். அவள் அதை எடுத்துவிட்டாள்.

"நீ சொன்னபடிதான் ஆயிட்டு," என்றாள். "இப்ப உனக்குச் சந்தோசம்தானே?"