அண்ணாச்சி சொன்ன யோசனை

மாப்பிள்ளையூரணியில் ஒரு சின்ன வீடு பன்னிரண்டாயிரத்துக்கு விலைக்கு வந்தது. கால்பங்கை நாங்கள் கட்டினால் மீதியைக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் கடனாகத் தரும். மனைவியின் நகையை விற்று அந்த மூவாயிரத்தைக் கட்டலாமா என்று, துறைமுக அலுவலகத்தில் எங்கள் தலைமை எழுத்தராக இருந்த அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். என் புத்தி அப்படி.

"நகைய விக்காதலே. தபால் ஆபீஸ்ல மாசம் அம்பது ரூவா போடு. அஞ்சே வருசம். நிலம் எங்கன ஓடிப்போவுது?" என்றார்.

"அவரு துட்ட எங்கன போடுதாராம்? கேட்டியளா?" என்றாள் மனைவி. பெரிய மனுசரை அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவள் வாயை அடைத்தேன்.

ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினோம். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வர வர, சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலையும் ஏறியது. வட்டியோடு கைக்கு வந்தது மூவாயிரத்து எழுநூறு சொச்சம். அதே வீடு மறுபடி விலைக்கு வந்தது, இருபத்தைந்தாயிரத்துக்கு. இப்போது கால்பங்கே ஆறாயிரத்துக்கு மேல்.

விற்பது யாரென்று தரகரிடம் விசாரித்தேன். அண்ணாச்சி! எனக்கு யோசனை சொன்ன மறுமாதமே அதைத் தன் பெயருக்குப் பத்திரம் முடித்திருக்கிறார் அந்த யோக்கியர்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தில் ஒரு சின்ன கூச்சம்கூட இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்து, "நம்ம பயலாச்சே, ஐநூறு கொறச்சிக்கிடுதேன்" என்றார்.

அவரை விடுங்கள். அந்தக் காபியை நான் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.