ஒரு 'நொம்ப' மட்டும்

எண்பதுகளில் ஏற்காட்டில் டீச்சராக இருந்தேன். நான் எழுதிய முதல் சிறுகதை ஒரு வாரப்பத்திரிகைக்குப் போய்த் திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'கதை நன்று. ஆனால் வரிக்கு வரி எதற்கு இத்தனை "மிகவும்", "உண்மையிலேயே"? எடுத்துவிட்டு அனுப்புங்கள்.' எனக்கு வந்ததே கோபம்! என் சொல்லில் கைவைக்க இவர் யார்?

ஆனால் அச்சில் பார்க்கும் ஆசை விடுமா? ஒவ்வொரு வரியையும் இரண்டு விதமாகச் சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தேன். 'மிகவும் நடுநடுங்கினாள்.' 'நடுநடுங்கினாள்.' அட, குளிர் குறையவே இல்லை! 'உண்மையிலேயே அழுதாள்' என்றால் மற்ற நேரமெல்லாம் நடித்தாளாக்கும்? 'மிக மிக நீண்ட பாதை' என்பதை அடித்துவிட்டு, 'கிளம்பும்போது நெற்றியில் போட்ட ஈரத்துணி அடிவாரத்தில் காய்ந்து கிடந்தது' என்று எழுதினேன். பாதை இன்னும் நீண்டது. எனக்கே வேடிக்கையாக இருந்தது. கை நிற்கவில்லை, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளினேன்.

கதை, என் பள்ளியிலேயே டீச்சராக இருந்த ஒரு தோழியின் அம்மாவுடையது. கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் அந்த அம்மாவை, வயிற்றுவலி முற்றி, காய்ச்சலும் ஏறி, ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். தோழி சரியென்றால்தான் அனுப்புவேன் என்று பிரதியை அவளிடம் கொடுத்தேன். தலையாட்டிக்கொண்டே படித்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஏனுங்க டீச்சர், எங்கம்மா பேசுனதுலயும் கைய வெச்சுட்டீங்களே?"

"'வலிக்குதுங்க'ன்னு இருக்கே. போதாதா?"

"வலிக்குதுன்னு எப்பவும் சொல்லும், சொல்லிட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிரும். அன்னைக்குத்தான் 'நொம்ப வலிக்குதுங்க'ன்னுச்சு. அதக் கேட்டுத்தான் எஸ்டேட்ல கணக்கு எழுதுற ரைட்டர் பதறிப்போயி ஜீப்ப எடுக்கச் சொன்னாரு. இதுல எதுக்கு அவரு பதறுறாரு?"

சுருக்கென்றது. நான் தூவிய 'மிகவும்' எல்லாம் என்னுடையவை, கதைக்கு ஒன்றும் செய்யாதவை. இது அந்த அம்மா வலி தாங்காமல் சொன்னது, ஜீப்பைக் கிளப்பியது. இதையும் சேர்த்து வெட்டிவிட்டேனே! ஒரு 'நொம்ப'வைத் திரும்ப வைத்தேன். இரண்டு வைத்தால் இன்னும் வலிக்குமோ என்று எழுதிப் பார்த்தேன். இல்லை, நாடகமாகிவிட்டது. ஒன்றே இருக்கட்டும் என்றாள் தோழி.

ஆசிரியர் அதையும் அடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொட்டச்சேட்டுக்குப் போனோம். அந்த அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தோழி வாசிக்க வாசிக்க, "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வரி வந்ததும் அவர் கை நின்றது.

"ஏங்கண்ணு, நானு அத்தன சத்தமாவா சொன்னேன்?" என்றார்.