வாயால் சொல்ல வேண்டிய விலை

எங்கள் தெரு முனையில் ரொட்டிக் கடை நடத்தும் பெண்மணிக்குத் தெருவார் வைத்த பெயர் 'தீப்பெட்டி'. உரசினால் போதும், பற்றிக்கொள்வார். முகத்துக்கு நேரே எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். பின்பக்கம் அடுப்பைப் பார்ப்பவர் அவருடைய கணவர். அவரை 'மாஸ்டர்' என்றால்தான் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க அட்வான்ஸ் கட்ட வேண்டும் என்று அக்காவே சொல்லுவார். பதினெட்டு வருடமாக அவர் சுடுவார், இவர் விற்பார்.

மூன்று வருடமாக அங்கே ரொட்டி நாற்பது ரூபாய்தான். அதற்குள் மைதா மூட்டை எங்கோ போய்விட்டது, காஸ் அதைவிட மேலே போய்விட்டது. விலையை ஏற்றியே ஆக வேண்டும் என்று அக்கா வீட்டில் சொன்னார். மாஸ்டருக்குப் பயம். "ஏத்தினா பெரிய கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

"சொல்ற விதத்துல சொன்னா யாரும் போக மாட்டாங்க. நான் சொல்றேன்."

"நீ சொன்னா இருக்கறவனும் ஓடிடுவான். விடு, நான் பாத்துக்கறேன்."

மைதாக்காரரிடம் பேசிப் பார்க்கப்போகிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலை நேரம். வரிசையில் நான் மூன்றாவது ஆள். முதலில் நின்றவர் எதிர் வீட்டுத் தையல்காரி. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினம் இரண்டு ரொட்டி வாங்குபவர். வாங்கியதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அக்கா, கோச்சுக்காதீங்க. கொஞ்ச நாளா ரொட்டி லேசா இருக்கு. பசங்களுக்குப் பத்த மாட்டேங்குது."

"எங்க கடை ரொட்டியா? நாக்குல நரம்பில்லாம பேசாதம்மா!" அக்கா ரொட்டியைப் பிடுங்கித் தராசில் வைத்தார். நானூறு கிராம் காட்ட வேண்டிய முள், முந்நூற்று ஐம்பதைத் தாண்டவில்லை. இன்னொன்றை வைத்தார். அதுவும் அதேதான். "தராசு பழுதா இருக்கும்" என்று எனக்கு முன்னால் நின்ற தபால்காரர் சமாதானம் சொன்னார். அக்கா பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். முள் சரியாக ஒரு கிலோவில் நின்றது.

அவர் முகம் சிவந்து அன்றுதான் பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததெல்லாம் கோபமே இல்லை.

பின்பக்கம் போனார். நடுவில் ஒரு துணித் திரைதான் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

"மாவு எவ்வளவு எடுக்கறீங்க ஒரு ரொட்டிக்கு?"

அடுப்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உங்களைத்தான் கேக்கறேன்! முன்ன நானூத்தி அம்பத்தஞ்சு, வெந்தா நானூறு நிக்கும். இப்ப?"

"நானூறு." பிறகு, "கொஞ்சம் கூட நேரம் பொங்க விட்டேன். அச்சு நிறைஞ்சிடுது. யாருக்கும் தெரியலையே."

"தெரியலையா? அந்தப் பொண்ணு கையில தூக்கினதுமே சொல்லிட்டா! நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நானூறு கிராம்னு வித்துக்கிட்டு இருக்கேன். உங்க பயத்துக்கு நான் திருடியா?"

"திருட்டு இல்ல. விலை ஏத்தாம..."

"விலை ஏத்தினா கேட்டுட்டு வாங்குவான், இல்லேன்னா வாங்க மாட்டான். இதுல அவனுக்குக் கேக்கவே வழியில்லாம பண்ணிட்டீங்க. இதுக்குப் பேரு என்ன?"

ஏதோ தகரத் தட்டு கீழே விழுந்தது, அல்லது எறியப்பட்டது. பிறகு அக்கா வெளியே வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "எங்க மேலதான் தப்பு. பத்து நாளா எடை குறைச்சுக் குடுத்திருக்கோம். இன்னிக்கு இருக்கற ரொட்டி முப்பத்தஞ்சு ரூபா. வேண்டாம்னா விட்டுடுங்க." தையல்காரியிடம் மட்டும், "நரம்பில்லாத நாக்கு என்னுதுதான்" என்றார். தையல்காரி தலையை ஆட்டினாரே தவிரச் சிரிக்கவில்லை. அவருக்கும் கோபம் இருந்தது, இருக்கத்தானே செய்யும்?

மறுநாளே ரொட்டி நானூறு கிராமுக்கு வந்துவிட்டது. விலை அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் ஏறும் என்று அக்கா முடிவு செய்தார். இடையில் பதினைந்து நாள் நஷ்டம் நஷ்டம்தான், எடை குறைத்ததற்கு அதுவே அபராதம் என்றார். அறிவிப்பு எழுதுவதில் மறுபடி சண்டை. அக்கா எழுதிய முதல் தாளில், 'ஏன் என்று கேட்பவர்கள் மைதாக்காரனைப் போய்க் கேளுங்கள்' என்று இருந்தது. அதை மாஸ்டர் கிழித்தார். அவர் எழுதியது, 'தவிர்க்க முடியாத காரணங்களால்.' இதை அக்கா கிழித்தார். "என்ன மூடுமந்திரம்? மைதா, காஸ்னு எழுதறதுக்கு என்ன வெக்கம்?"

மூன்றாவது தாள்தான் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. 'ஒன்றாம் தேதி முதல் ரொட்டி விலை நாற்பத்தெட்டு. எடை நானூறு கிராம், வாங்கும்போது நிறுத்துக் காட்டுவோம். மூன்று வருடமாக ஏற்றவில்லை. மைதாவும் காஸும் ஏறிவிட்டன. சென்ற வாரங்களில் எடை குறைந்தது எங்கள் தவறு. ஏற்கெனவே பணம் கட்டி ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான்.'

தாள் போதாது என்றார் அக்கா. தினம் வருகிறவர்களுக்கு வாயால் சொல்ல வேண்டும், அதுவும் மாஸ்டர்தான் சொல்ல வேண்டும். கையெல்லாம் மாவோடு அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் முறை வந்தபோது தரையைப் பார்த்தே, "சார்... ஒண்ணாந்தேதியிலேர்ந்து எட்டு கூட. எடை நாந்தான் குறைச்சேன், அவளுக்குத் தெரியாது" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். தபால்காரர், "சொல்லிட்டீங்களே, போதும்" என்றார்.

சிக்கல் கேன்டீன்காரரிடம் வந்தது. தினம் முப்பது ரொட்டி எடுக்கும் பெரிய கை அவர். "எனக்கு மட்டும் பழைய விலை. வெளியில சொல்ல வேணாம்" என்று மெல்லக் கேட்டார்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பாய்ந்தார். "உங்களுக்கு எப்பவுமே ரொட்டிக்கு மூணு ரூபா குறைச்சுத்தான் போடறோம், அது இனிமேலும் உண்டு. நாப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ ரகசியமா போட்டா, ரெண்டு ரொட்டி வாங்கற அந்தப் பொண்ணு உங்களுக்கும் சேத்துக் குடுக்கணும். முடியாதுண்ணே."

"வேற கடை இல்லையா?"

"தாராளமா இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் போனார். முப்பது ரொட்டி போனது போனதுதான். ஒன்றாம் தேதிக்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர் வரவில்லை. மீதிப் பேர் எண்ணி நாற்பத்தெட்டு வைத்துவிட்டு வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்துக் கேன்டீனிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது: தினம் பதினைந்து போதும், சொன்ன விலைக்கே. மீதி பதினைந்தை அவர் இன்னும் எங்கோதான் வாங்குகிறார்.

போன வாரம் கேட்டேன், "இப்பவாவது கோபம் ஆறிடுச்சா அக்கா?"

"கேன்டீன்காரர் மேல இருந்தது ஆறிடுச்சு. மைதாக்காரன் மேல இருக்கறது ஆறாது." ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினார். "என்னைக் கேக்காம முடிவெடுத்தாரே, அந்தக் கோபம் அவர் காதுல விழற வரைக்கும் இருக்கும்!"

"விழுது" என்றார் மாஸ்டர் திரைக்குப் பின்னாலிருந்து.

"விழட்டும்" என்றார் அக்கா.