உனக்கு மட்டும் எழுபத்து நாலு

அருள்புரத்தில், தைத்து வந்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை நான் பார்த்த பனியன் கம்பெனியில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒருநாள் ஒரு தாளை ஒட்டினார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் டீ நேரம் முடிந்துவிடும். ஆனால் எண் எந்த மூலையில் ஒளிந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. செக்கிங்குக்கு நேரே எழுபது, தொண்ணூறு என்று இரண்டு எண்கள் இருந்தன.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் விளக்கம் சொன்னாள்.

"ஒரு ஷிப்டுக்குக் கீழ் ரேட்டு எழுவதுங்க, மேல் ரேட்டு தொண்ணூறுங்க. நம்ம கம்பெனிக்குள்ள எல்லாருக்கும் தெரியணும்னு சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் சொல்லிட்டாங்க. யாருக்கு எவ்வளவுங்கறது இதுல இருக்காதுங்க."

கம்பெனி ஒரு நல்லது செய்தால் அதில் எங்கே குழி இருக்கிறது என்றுதான் தேடுவோம். தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குக் குறைக்கப்போகிறார்கள் என்றாள் ஒருத்தி. ஆள் எடுப்பதற்கு ஆசை காட்டுகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. எனக்கு எழுபத்து நாலு. ஆறு வருடம் வேலை பார்த்ததற்கு அது.

அந்த எழுபத்து நாலுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் கம்பெனியில் தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொருத்தியாக மேனேஜர் அறைக்குப் போய், கூலியைக் கூட்டச் சொல்லி அழ வேண்டும். என் மாமியாருக்கு நான் அங்கே இரண்டு முறை ஆபரேஷன் செய்திருக்கிறேன். அந்தம்மா வீட்டில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ஆபரேஷனுக்குத்தான் மேனேஜர் குரலை இறக்கி, "உங்களுக்கு மட்டும் எழுவத்தி நாலு போட்டுக்கறேனுங்க. வெளிய சொல்லீராதீங்க" என்றார். அந்த ரகசியத்தை அடகு நகை மாதிரி காப்பாற்றினேன்.

இப்போது அந்தத் தாளைப் பார்த்தால், என் தனி மரியாதை அடிமட்டத்துக்கு நாலு ரூபாய்தான் மேலே இருக்கிறது. அப்படியென்றால் தொண்ணூறு யாருக்குப் போகிறது?

என் மேசைக்கு எதிரே நின்றவள் மீதுதான் சந்தேகம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், மூன்று வருடத்து ஆள், மேனேஜரைப் பார்த்தால் சிரிப்பாள். நேராகக் கேட்டால் சொல்வாளா? தூண்டில் போட்டேன்.

"ஏம்புள்ள, எனக்கு எம்பத்தஞ்சு. உனக்குத் தொண்ணூறு இருக்குமாட்ட?"

அவள் கையிலிருந்த டீ சர்ட் மேசையில் விழுந்தது. "ஏக்கா, எம்பத்தஞ்சா? எனக்கு எழுவத்திநாலுதாம்க்கா. எனக்கு மட்டுந்தான்னு சொல்லித் தந்தாரு. ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பொய் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"உங்க பேரச் சொல்லிக் கேட்டேன். ரிஜிஸ்டரப் பாத்துட்டு, அந்தம்மாவுக்கே எழுவத்திநாலுதான்னு சிரிக்காரு. என்னைக் கேனச்சியாக்கிட்டீகளே!"

"நீ உள்ளதச் சொல்லுவீன்னு நம்பிக்கையில்ல புள்ள, அதுதான். வா, இப்ப ரெண்டு பேரும் போலாம்."

"நான் தனியாத்தான் பேசுவேன். உங்கள நம்ப மாட்டேன்."

அதுவும் நியாயம்தான். நான் தனியாகவே போனேன். ஆபீஸ் பெண்ணும் அங்கே இருந்தாள். மேனேஜர் பழைய குரலில் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு மட்டும் ரெண்டு ரூபா சேத்திக்கலாமுங்க, வெளிய..."

"எனக்கு மட்டும் வேண்டாமுங்க சார். தாள்ல தொண்ணூறு வரைக்கும் போட்டிருக்குதே, மேல ஏறறதுக்கு என்ன வேணுமுங்க?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஒரு கோப்பைப் புரட்டினாள். "எத்தனை வருஷம் வேலை, கலர் வித்தியாசம் கண்டுபுடிக்கறது, டேப் வெச்சு அளவு பாக்கறது, பாஸ் பண்ணுன பீஸ் திரும்பி வராம இருக்கறது. இதெல்லாம் பாக்கோணுமுங்க."

"எம் மேசையில பாஸ் ஆனது எத்தன திரும்பி வந்துச்சுங்க?"

மாமியார் பேச்சை எடுக்காமல் அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு அது. அவள் மறுபடி புரட்டினாள். ஆறு மாதத்தில் ஒரு பீஸ்கூடத் திரும்பவில்லை. மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எண்பத்திரண்டு என்றார். மிச்ச எட்டு ஏன் இல்லை என்றேன். எனக்குக் கலர் வித்தியாசம் பிடிபடும், அளவு டேப் வைத்துச் சரிபார்க்கத் தெரியாது என்றார்கள். அதில் பொய் இல்லை. அப்படியும், என் கூலி அட்டையில் எழுதியதை அந்தப் பெண்ணை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன்.

அடுத்த நாள் தென்காசிக்காரியும் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தாள். மேசைக்கு எதிரே நின்று, தன் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எவ்வளவுக்கா?"

"சொன்னா நம்புவியா?"

"மாட்டேன். காட்டுங்க."

"நீ மொதல்ல காட்டு."

"ஆசையப் பாரு!"

கடைசியில் மூன்று வரை எண்ணி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அட்டையை எண் தெரிய மேசையில் வைத்தோம். அவளுக்கு எழுபத்தெட்டு. எனக்கு ஆறு வருடம், அவளுக்கு மூன்று. அவள் என் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அழித்து எழுதியிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். நான் அவள் அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.