பிரிசில்லா பார்த்த மயில்

உள்ளறையிலிருந்து 'டிங் டிங்' என்று ஒரு சத்தம், துணிக்குள் அமுங்கினாற்போல் கேட்டது.

"கேட்டீங்களா டீச்சர்? போனு அங்கதான் கீது," என்று பிரிசில்லா மணிக்கட்டிலிருந்த ஸ்மார்ட் கடிகாரத்தை மறுபடி தட்டினாள்.

"சைலண்ட்ல இருக்கறதா சொன்னியே?"

"சைலண்ட்ல இருந்தாலும் இதுல தட்டினா கத்தும். ஆரி எம்ப்ராய்டரி போடறப்ப தொந்தரவு வேணாம்னு சத்தத்த அமுக்கி வெச்சுடறேன். அப்பால நானே தேடிகினு கெடப்பேன்."

லைனிங் துணிக் குவியலின் அடியில் போன் கிடைத்தது.

காமு டீச்சர் மகள் ரக்ஷாவின் கல்யாண ரவிக்கைக்காகச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வந்திருந்தாள். சிறுசேரியில் வேலை பார்க்கும் ரக்ஷா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: நெட்டில் எடுத்த படம் வேண்டாம், ஒருத்தர் ரவிக்கையைப் போட்டு முதுகைக் காட்டினால்தான் ஆர்டர்.

பிரிசில்லாவின் தாய் பிறர் வயலில் நாற்று நட்டு நட்டே முதுகு வளைந்தவள். மகள் சர்ச்சில் தையல் பழகினாள். எத்தனையோ மணப்பெண்களின் முதுகில் அவள் ஊசி பூத்திருக்கிறது, பெரிய கடைகளின் பெயரில். தன் பெயரில் கிடைக்கவிருந்த முதல் கல்யாண ஆர்டர் இது. அதற்காகவே, முதல்முறையாகத் தனக்கென்று ஒரு மயில் ரவிக்கை தைத்து உடுத்தியிருந்தாள்.

முதலில் டீச்சர்தான் தன் போனில் படம் எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது: 'அம்மா, ஃபேன் நல்லா இருக்கு. ப்ளவுஸ் எங்க?'

"எனக்குக் கை நடுங்கறதுடீ. ரக்ஷா வேற கடை பார்க்கலாமோன்னு கேட்கறா," என்றாள் டீச்சர் தயங்கி.

பிரிசில்லா தலை குனியவில்லை. தன் போனைத் தையல் மெஷின்மேல் நூல்கண்டுகளுக்கு நடுவே சாய்த்து நிறுத்தினாள். முதுகைக் காட்டி நின்று, கடிகாரத்தில் கேமராவைத் திறந்தாள்.

போன் பார்ப்பது சின்னதாக மணிக்கட்டில் தெரிந்தது. அவள் முதுகு. எத்தனையோ பேருக்குத் தைத்தவள் தன் முதுகில் தன் மயிலை அன்றுதான் பார்த்தாள். தோகை தோளோடு தோளாக விரிந்திருந்தது. கண் கலங்கியது.

"இன்னும் கொஞ்சம் நிமிந்துக்கோ," என்றாள் டீச்சர்.

நிமிர்ந்தாள். ஜடையை முன்னால் போட்டு, கடிகாரத்தில் வெள்ளைப் பொத்தானைத் தொட்டு, கையை இறக்கினாள். மூன்று, இரண்டு, ஒன்று. படம் விழுந்தது. அதை டீச்சர் போனுக்கு அனுப்ப, டீச்சர் மகளுக்குத் தள்ளிவிட்டாள்.

ரக்ஷாவின் பதில் வரச் சற்று நேரமானது. டீச்சர் உரக்கப் படித்தாள்: 'இதேதான் வேணும். இவங்களே போடணும். முதுகு யாரோடது, அவ்ளோ கம்பீரமா இருக்கு?'

"என்னன்னு எழுதட்டும்?"

"பிரிசில்லாவோடதுன்னு எழுதுங்க டீச்சர். தச்சதும் அவதான்னு எழுதுங்க."

டீச்சர் அப்படியே எழுதி அனுப்பினாள். பிறகு ரக்ஷாவின் அளவு ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்து பிரிசில்லா கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். பஸ்ஸுக்காக டீச்சர் தெருமுனை திரும்பும் வரை பார்த்து நின்ற பிரிசில்லா, நிமிர்ந்த முதுகோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.