சுயவிபரக்கோவையில் எழுபத்தொன்று

எங்கள் ஹோட்டலின் துப்புரவுப் பிரிவு மனேச்சர் வேறு இடத்துக்கு விண்ணப்பித்தபோது அவருடைய சுயவிபரக்கோவையைத் தட்டிக்கொடுத்தது நான்தான். அவருக்குக் கீழே மேற்பார்வையாளராக இருந்தவள் நான்; தட்டெழுத்து தெரியும், விபரமும் தெரியும் என்று என்னைப் பிடித்தார். துவாய்களும் விரிப்புகளும் அடுக்கிய அறையில், சரியாகக் காயாத துணி மணத்துக்குள் இருந்து தட்டினேன். அந்த மணம் இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

முப்பத்தாறு அறைகள். உள்ளே துப்புரவு செய்யும் பரப்பு முப்பத்தோராயிரம் சதுர அடி. பணியாளர் ஒருவரோடு நாடா பிடித்து நானே அளந்தது. அவர் அறுபதாயிரம் என்றார். வாகனம் நிறுத்தும் இடத்தையும் பின்வளவையும் சேர்த்துவிட்டாராம். அந்த வளவைக் கூட்டுவது தோட்டவேலை ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எங்களிடம் பணியாளர்கள் பதினொரு பேர். தாளில் அதுவும் இருபத்தாறாகியது. சலவைக்காரர், பூச்சி மருந்து அடிக்கிறவர்கள், குப்பை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே வந்துவிட்டார்கள். அந்த மூன்று ஒப்பந்தங்களையும் பேசி முடித்தவர் தாமே என்றும் ஒரு வரி. சலவைக்காரரோடு, கறை போகாவிட்டால் காசு இல்லை என்ற நிபந்தனைக்காக இரண்டு கிழமை மல்லுக்கட்டியது நான்.

கடைசியாகப் பரிசோதனைப் புள்ளிகள். தலைமை அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து நூற்றுக்குப் போடுவார்கள். வருவதை முதல்நாளே சொல்லிவிடுவார்கள் என்பதால் தொண்ணூற்றாறுக்குக் குறைவதில்லை. ஒரேயொரு முறை சொல்லாமல் வந்தார்கள். அன்றைக்கு எழுபத்தொன்று. அதைத் தாளில் போடாமல் விடச்சொன்னார் மனேச்சர். நான் தயங்கினேன்.

"அது உம்மடை கையெழுத்தெல்லோ பிள்ளை. நான் மறைக்கிறது உமக்குத்தான் நல்லது."

அது உண்மை. அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். மத்தியானத்தோடு கோப்பாயில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்று, கழிப்பறைக் கதவுகளின் பின்னால் தொங்கும் தாள்களில் காலை பத்து மணிக்கே மாலை ஆறு மணி வரைக்கும் பார்த்ததாகக் கையெழுத்து வைத்துவிட்டேன். பதினொரு மணிக்குப் பரிசோதகர் வந்தார். இன்னும் வராத நேரங்களுக்கு என் கையெழுத்து. அதே கழிப்பறையின் தரைவடிகாலில் முடிக்கற்றையும் சவர்க்கார வழுவழுப்பும். அவர் அதைப் பேனா முனையால் தூக்கிக் காட்டியதை நினைத்தால் இப்போதும் கையைக் கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

மனேச்சர் சொன்னபடியே தட்டிக்கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் என்னையே கேட்கிறேன்.

அவர் போனால் வெற்றிடமாகும் பதவிக்கு நானும் விண்ணப்பிக்க இருந்தேன். அந்தப் பதவிக்குப் பகல் வேலை மட்டும்தான். பின்னேர முறை வரும் நாட்களில் நான் வீடு போய்ச் சேரும்போது பிள்ளை மாமியின் மடியில் நித்திரையாகிவிடும். எனக்கு அந்தப் பகல் வேலை வேண்டும். என் தாளில் எழுபத்தொன்றைப் போடுவதா, விடுவதா? போட்டால் கிடைக்காது. விட்டால் அவர் மாதிரி. அழித்தேன், திரும்பத் தட்டினேன், அழித்தேன். கடைசியில் போட்டேன். முப்பத்தோராயிரம், பதினொரு பேர், எழுபத்தொன்று.

நேர்முகத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனேச்சர் நிறுவனத்தின் இன்னொரு ஹோட்டலுக்குத்தான் விண்ணப்பித்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேரும் ஒரே கட்டடத்திலைதானே வேலை செய்யிறியள்? உங்கடை தாளிலை கட்டடம் பாதியாச் சுருங்கிப்போச்சே."

சிரிப்பதா என்று தெரியவில்லை. மற்றத் தாளையும் நான்தான் தட்டினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுபத்தொன்றில் விரலை வைத்து, ஏன் போட்டேன் என்று கேட்டார்.

"அது என்ரை கையெழுத்து மிஸ்."

பிறகு என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். இப்போது துப்புரவு செய்தவரே முடித்த கையோடு நேரத்தைப் போடவேண்டும். நான் யாரும் பார்க்காமல் குழாய்க்குப் பின்னாலும் கழிப்பறைக் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழும் துணிக்குப் போடும் நீலத்தால் ஒரு பொட்டு வைப்பேன். பிறகு போய்ப் பார்க்கும்போது பொட்டு இருந்தால் தாளில் உள்ள நேரம் பொய். அவர் இதை எழுதிக்கொண்டார். முகத்திலிருந்து எதுவும் பிடிபடவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம், பகல் வேலை. மனேச்சருக்கு அந்த ஹோட்டல் கிடைக்கவில்லை; முன்னமே விலகல் கடிதம் கொடுத்திருந்ததால் இந்த இடமும் போய்விட்டது. ஆனால் அதே தாளோடு வெளியில் வேறொரு இடத்துக்குப் போட்டிருந்தார். ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒன்றும் நடவாதது போல் பிள்ளையின் சுகம் விசாரித்தார்.

"அவங்கள் என்னைப் பற்றி உமக்குப் போன் எடுத்துக் கேப்பாங்கள். அறுபதாயிரம் எண்டு சொல்லும் பிள்ளை. அண்டைக்கு உம்மைக் காப்பாத்தினனான் எல்லோ."

அந்த ஈரத்துணி மணம் தொலைபேசிக்குள்ளிருந்தே வருவது போல் இருந்தது.

"நான் அளந்ததைத்தான் சொல்லுவன் சேர்."

வைத்துவிட்டார். நான் நீலத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். காலையில் வைத்த பொட்டுகளில் இரண்டு அப்படியே இருந்தன.